கோடைக்கால ஆய்வு இன்டர்ன்ஷிப்: பேராசிரியருக்கு முதல் மெயில் எழுதும் முறை

டிசம்பர் பிறந்தால் ஐஐடி, ஐஐஎஸ்சி, ஐசர் பேராசிரியர்களின் இன்பாக்ஸில் 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கும் மெயில்கள் வந்து குவியும். அவற்றில் பெரும்பாலானவை திறந்த சில நொடிகளில் மூடப்படுகின்றன. மாணவரின் மார்க்கைப் பார்க்கும் கட்டம் வரைகூடப் போவதில்லை. இது தனக்கென்று எழுதிய மெயில் இல்லை, ஐம்பது பேருக்குப் போன மெயில் என்பது முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

தனக்கென்று எழுதியதுதான் என்று தெரிந்துவிட்டால் பேராசிரியர் அடுத்து யோசிப்பது மூன்றே விஷயம். எட்டு வாரத்தில் இந்த மாணவரால் என்ன செய்ய முடியும்? பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க லேபில் எந்த பிஎச்.டி. மாணவருக்கு நேரம் இருக்கிறது? தேதிகள் ஒத்துவருமா? இந்த மூன்றுக்கும் விடை கண்டுபிடிக்கத் தேவையான தகவல் உங்கள் மெயிலில் இருக்க வேண்டும். வேறு எதுவும் தேவையில்லை.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தருமபுரிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. குடிநீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் ஆய்வு நடக்கும் ஒரு லேபில் மே முதல் ஜூலை வரை வேலை செய்ய விரும்புகிறார். மூன்றாண்டுப் படிப்பில் இருப்பவர்களுக்கு இரண்டாம் ஆண்டு முடிந்து வரும் கோடைதான் சரியான காலம். மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகு கேட்டால், நீங்கள் பட்டம் முடித்தவர் ஆகிவிடுவதால் பல இடங்களில் விதி இடம் கொடுக்காது. பி.இ., பி.டெக். மாணவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் ஆண்டு முடிந்த கோடைகள் இரண்டுமே பொருந்தும்.

மெயிலே தேவையா என்று முதலில் பாருங்கள்

சில இடங்களில் பேராசிரியருக்கு எழுதுவதால் பயன் இல்லை. ஐஐடி மெட்ராஸின் சம்மர் ஃபெலோஷிப், ஐஐடி கான்பூரின் சர்ஜ், மும்பை டிஐஎஃப்ஆரின் கோடைத் திட்டம், பெங்களூரு ஜவகர்லால் நேரு மையத்தின் கோடைத் திட்டம் ஆகியவற்றுக்கெல்லாம் தனி விண்ணப்பப் படிவம் உண்டு. இந்திய அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு ஃபெலோஷிப்புக்கும் அப்படித்தான். அகாதமிகளின் படிவத்தோடு உங்கள் ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் போக வேண்டும். இந்தத் திட்டங்களின் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் போன வருடத் தேதியை நம்பாமல், அக்டோபரிலிருந்தே அந்தந்த இணையதளத்தைப் பார்த்துவர வேண்டும்.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் இந்திய மாணவர்களுக்கு வழங்கும் வைஸ் உதவித்தொகையில் வரிசை தலைகீழ். அங்குள்ள பேராசிரியர் உங்களை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதித் தந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பம் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால், அதற்கான மெயில் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே போயிருக்க வேண்டும்.

இந்தியாவுக்குள் நேரடியாகக் கேட்பதென்றால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். மார்ச்சில் கேட்டால் இடம் நிரம்பியிருக்கும். ஏப்ரலில் கேட்பவர், வேறு எங்கும் கிடைக்காமல் வந்தவராகத்தான் தெரிவார்.

இன்னொரு பழக்கம் அவசியம். பேராசிரியரின் சொந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். 'கோடை மாணவர்கள் இன்ன திட்டம் வழியாக மட்டும் வரவும், தனி மெயில்களுக்குப் பதில் தர இயலாது' என்று பலர் அங்கே எழுதியிருப்பார்கள். சிலர், தங்கள் பக்கத்தை உண்மையிலேயே படித்தவர்களை அடையாளம் காண, மெயில் தலைப்பில் ஒரு குறிப்பிட்ட சொல்லைச் சேர்க்கும்படி கேட்டிருப்பார்கள். அதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

யாருக்கு எழுதுவது

துறையின் ஆசிரியர் பட்டியலை மேலிருந்து கீழாக எடுத்து எல்லோருக்கும் அனுப்பக் கூடாது. ஒரே துறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதும் கூடாது. அடுத்தடுத்த அறையில் இருப்பவர்கள்; டீ குடிக்கும்போது பேசிக்கொள்வார்கள். ஒருவரிடமிருந்து பதில் வந்த பிறகோ, இரண்டு முறை எழுதியும் வராத பிறகோ அடுத்தவருக்கு எழுதலாம். வெவ்வேறு நிறுவனங்களில் ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு மாலை நேரத்தைச் செலவழிப்பதே கணக்கு. அதற்கு மேல் போனால் தரம் தானாகக் குறையும்.

கூகுள் ஸ்காலரில் பேராசிரியரின் பெயரைத் தேடி, அவருடைய பக்கத்தைத் திறந்து, கட்டுரைகளை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். தானாக வருவது மேற்கோள் எண்ணிக்கை வரிசை. அதில் முதலில் நிற்பது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய பேப்பராக இருக்கும். அந்த வேலையை அவர் எப்போதோ விட்டிருப்பார். கடைசி இரண்டு, மூன்று ஆண்டுகளில் வந்தவை மட்டுமே இப்போது லேபில் நடப்பதைச் சொல்லும். அந்தப் பேப்பர்களில் அவர் பெயர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். வேதியியல், உயிரியல் போன்ற துறைகளில் லேபை நடத்துபவரின் பெயர் பெரும்பாலும் கடைசியில், தொடர்புக்கு உரியவர் என்ற நட்சத்திரக் குறியோடு இருக்கும். நடுவில் ஒரு பெயராக இருந்தால், அந்த வேலை வேறொருவர் லேபில் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு, மூன்று ஆண்டு ஆனவர்களை மாணவர்கள் தவிர்ப்பது வழக்கம். அது தவறு. புதிதாக லேப் அமைப்பவருக்குக் கைகள் தேவை. உங்களோடு நேரில் பேசவும் அவருக்கு நேரம் இருக்கும். பெரிய குழுவில் சேர்ந்தால் எட்டு வாரத்தில் பேராசிரியரை இரண்டு முறை பார்ப்பதே அரிது.

ஒரு பேப்பரை எந்த அளவுக்குப் படிப்பது

முழுப் பேப்பரும் புரிய வேண்டியதில்லை. சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, படங்கள், முடிவுரை இந்த நான்கையும் நிதானமாகப் படித்தால் போதும். முன்னுரையின் கடைசிப் பத்தியில்தான் 'இந்தக் கட்டுரையில் நாங்கள் செய்தது இது' என்று நேராகச் சொல்லியிருப்பார்கள். பேப்பருக்குப் பணம் கேட்டால், ஸ்காலரில் அந்தப் பேப்பரின் கீழ் இருக்கும் 'எல்லாப் பதிப்புகளும்' இணைப்பைத் தட்டிப் பாருங்கள். பல நேரம் இலவசப் பிரதி கிடைக்கும்.

நம் மாணவி படிக்கும் பேப்பரில், அலுமினா கலந்து செய்த ஒரு பொருள் தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை முழுக்க, காய்ச்சி வடித்த நீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்துச் செய்தது. பிஎச் 6. அவருக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. தருமபுரி போர்வெல் தண்ணீரின் பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கும். அதில் பைகார்பனேட்டும் அதிகம். அலுமினா ஃபுளோரைடை நன்றாகப் பிடிப்பது பிஎச் 5, 6 அளவில். பிஎச் ஏற ஏறப் பிடிப்பு குறையும். பைகார்பனேட் பிஎச்சையும் உயர்த்தும், அதே பரப்பில் இடத்துக்கும் போட்டியிடும். அப்படியானால் நிஜக் கிணற்று நீரில் இந்தப் பொருள் எவ்வளவு பிடிக்கும்?

இது நல்ல கேள்வி. ஆனால் உடனே மெயிலில் போடக் கூடாது. பேப்பரோடு வரும் துணைத் தகவல் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். மற்ற அயனிகள் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்ற படம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். விடை அங்கே இருக்கும்போது கேள்வி கேட்டால், அரைகுறையாகப் படித்துவிட்டு எழுதியது வெளிச்சமாகிவிடும். நம் மாணவி திறந்து பார்க்கிறார். குளோரைடு, நைட்ரேட், சல்ஃபேட், பைகார்பனேட் நான்கையும் தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்த படம் இருக்கிறது. பைகார்பனேட் சேர்த்தபோதுதான் பிடிப்பு மிக அதிகமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு அளவு பைகார்பனேட்டில்தான் சோதித்திருக்கிறார்கள். நிஜக் கிணற்று நீரில் செய்யவே இல்லை. இப்போது அவர் கேள்வி கூர்மையாகிறது. அளவை மாற்றினால் எப்படிக் குறைகிறது? உள்ளூர்த் தண்ணீரில் என்ன நடக்கிறது? எட்டு வாரத்தில் ஒரு இளங்கலை மாணவி செய்து முடிக்கக்கூடிய அளவிலான வேலையும் இதுவே.

வேலையின் அளவு இங்கே முக்கியம். 'ஃபுளோரைடு பிரச்சினைக்குத் தீர்வு காண விரும்புகிறேன்' என்று எழுதினால் பேராசிரியருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 'பைகார்பனேட்டை நான்கு அளவுகளில் மாற்றிப் பார்க்கலாமா' என்று எழுதினால், அதற்கு எந்தக் கருவி வேண்டும், யார் சொல்லித்தர முடியும் என்று அவர் மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கும்.

தலைப்பும் விளிப்பும்

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். பேராசிரியருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும், அவர் அதை லேபில் வேறொருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார். அந்த மாணவர் வங்காளத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்திருக்கலாம். சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால் உங்கள் ஆங்கிலமே போதும். இங்கே உள்ளடக்கத்தைத் தமிழில் தருகிறோம்.

தலைப்பில் மூன்று செய்தி இருக்கட்டும்: கோடை இன்டர்ன்ஷிப், எந்த மாதங்கள், எந்தப் பொருள். 'கோடை இன்டர்ன்ஷிப் மே–ஜூலை: ஃபுளோரைடு நீக்கம், பி.எஸ்சி. வேதியியல் 2ஆம் ஆண்டு' என்பது போதும். 'ரிக்வெஸ்ட்' என்ற ஒற்றைச் சொல்லோ, 'அர்ஜென்ட்' என்ற சொல்லோ வேண்டாம். தலைப்பைக் காலியாக விட்டு அனுப்புபவர்களும் உண்டு. அதை ஸ்பேம் வடிகட்டியே பார்த்துக்கொள்ளும்.

விளிப்பில்தான் நம் ஊர் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 'ரெஸ்பெக்டட் சார்/மேடம்' என்று சாய்கோடு போட்டு எழுதினால், எழுதுவது ஆணுக்கா பெண்ணுக்கா என்றுகூடப் பார்க்கவில்லை என்று பொருள். பெண் பேராசிரியருக்கு 'சார்' என்று போகும் மெயில்கள் வருடம்தோறும் உண்டு. 'டியர் புரொஃபசர்' என்று போட்டு அடுத்து அவர் பெயரை எழுதுவது எல்லா இடத்துக்கும் பொருந்தும். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு குழப்பம் வரும். கே. மீனாட்சி என்று இருந்தால் கே என்பது அப்பா பெயரின் முதலெழுத்து. விளிப்பு 'புரொஃபசர் மீனாட்சி' என்றுதான் இருக்க வேண்டும். முதலெழுத்தை விரித்து எழுதியிருந்தால் எது அப்பா பெயர் எது சொந்தப் பெயர் என்று தெரியாமல் போகும். அப்போது முழுப் பெயரையும் எழுதிவிடுவது பாதுகாப்பு. 'ஹாய்', 'ஹலோ சார்', 'குட் மார்னிங்' மூன்றும் வேண்டாம். நீங்கள் காலையில் எழுதியதை அவர் இரவு பதினோரு மணிக்குப் படிக்கலாம்.

மெயிலின் உடல்

முதலில், போகக் கூடாத மெயில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

> ரெஸ்பெக்டட் சார்/மேடம், உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் புரொஃபைலைக் கண்டு மிகவும் ஈர்க்கப்பட்டேன். நான் சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம் மிக்கவள். கடின உழைப்பாளி, விரைவாகக் கற்றுக்கொள்பவள். உங்கள் மேலான வழிகாட்டுதலின் கீழ் எந்தத் தலைப்பிலும் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். தயவுசெய்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்.

இதில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் பேராசிரியரின் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. பெயரை மாற்றாமலே யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். 'எந்தத் தலைப்பிலும்' என்ற சொல்லை மாணவர்கள் பணிவாக நினைத்து எழுதுகிறார்கள். படிப்பவருக்கோ, தலைப்பைத் தேடும் வேலையையும் தன் தலையில் கட்டுகிறார்கள் என்றே படும்.

இனி நம் மாணவி எழுதுவது.

> டியர் புரொஃபசர் மீனாட்சி,
>
> நான் தருமபுரி மாவட்டத்தில் உள்ள ... கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வரும் மே 18 முதல் ஜூலை 10 வரை, எட்டு வாரங்களுக்கு உங்கள் ஆய்வகத்தில் கோடை இன்டர்ன்ஷிப் செய்ய வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்க எழுதுகிறேன்.
>
> அலுமினா கலவையில் ஃபுளோரைடு உறிஞ்சப்படுவது பற்றிய உங்கள் சமீபத்திய கட்டுரையைத் துணைத் தகவலோடு படித்தேன். பைகார்பனேட் இருக்கும்போது உறிஞ்சும் அளவு மற்ற அயனிகளைவிட அதிகமாகக் குறைவதைப் பார்த்தேன். ஆனால் அது ஒரே ஒரு செறிவில்தான் சோதிக்கப்பட்டிருந்தது. எங்கள் பகுதிக் கிணற்று நீரில் பைகார்பனேட் அதிகம் என்பதால், செறிவை மாற்றினால் இந்தக் குறைவு எப்படி மாறும் என்று அறிய விரும்புகிறேன். இதுபோன்ற ஒரு சிறிய வேலையிலோ, இதையொட்டி உங்கள் குழுவில் நடக்கும் வேறு வேலையிலோ உதவ முடியும் என்று நினைக்கிறேன்.
>
> கல்லூரி ஆய்வகத்தில் டைட்ரேஷன், பிஎச் மீட்டர், கலரிமீட்டர் மூன்றிலும் பழக்கம் உண்டு. போன பருவத்தில் எங்கள் ஊரின் ஆறு போர்வெல்களின் நீரில் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் அளந்து எக்செலில் வரைபடம் போட்டேன். ஃபுளோரைடு மின்முனையை இதுவரை பயன்படுத்தியதில்லை.
>
> ஒரு பக்க சி.வி.யை இணைத்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியலும் ஆசிரியரின் பரிந்துரையும் தேவைப்பட்டால் அனுப்புகிறேன். இந்தக் கோடையில் இடம் இல்லையென்றால் ஒரு வரி பதில் தந்தாலே போதும்.
>
> நன்றியுடன்,
> பெயர், படிப்பு, கல்லூரி, கைபேசி எண்

ஆங்கிலத்தில் இது ஏறக்குறைய இருநூறு சொற்களுக்குள் வரும். கைபேசியில் இரண்டு முறை விரலால் தள்ளினால் முடிந்துவிடும் நீளம்.

முதல் பத்தியிலேயே கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, தேதியோடு. தேதியைக் குறிப்பதற்கு முன் கல்லூரியின் பருவத் தேர்வு அட்டவணையைப் பாருங்கள். பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப்போவது நம் ஊரில் புதிதல்ல. எதிர்பார்க்கும் கடைசித் தேர்வுக்குப் பிறகு ஒரு வாரம் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். சொன்ன தேதிக்குப் போக முடியாமல் இரண்டு வாரம் தாமதமானால், எட்டு வார வேலை ஆறு வாரமாகச் சுருங்கும். அதில் முதல் இரண்டு வாரம் கருவிகளைப் பழகவே போய்விடும்.

இரண்டாம் பத்திதான் மெயிலின் உயிர். அதில் இருப்பதை வேறு எந்தப் பேராசிரியருக்கும் அனுப்ப முடியாது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. மெயிலில் பேராசிரியர் பெயரை அழித்துவிட்டு, அதே துறையில் பக்கத்து லேபுக்கு எழுதியதாகப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் திரும்ப எழுத வேண்டும். பேப்பரின் சுருக்கத்திலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டு 'இது என்னைக் கவர்ந்தது' என்று சேர்ப்பவர்கள் பலர். அந்த வாக்கியத்தைப் பத்து முறை திருத்தி எழுதியவரே படிக்கப்போகிறார்; உடனே அடையாளம் தெரியும். கேள்வியின் தொனியிலும் கவனம் வேண்டும். 'நீங்கள் இதைச் செய்யத் தவறிவிட்டீர்கள்' என்று ஒலிக்கக் கூடாது. பார்த்ததைச் சொல்லி, அறிய விரும்புவதைச் சொன்னால் போதும்.

மூன்றாம் பத்தியில் 'ஃபுளோரைடு மின்முனையைப் பயன்படுத்தியதில்லை' என்ற வரியை நீக்கிவிடத் தோன்றும். விட்டுவிடாதீர்கள். சொல்லித்தரப் போகும் பிஎச்.டி. மாணவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அதுதான் காட்டுகிறது. மேலே சொன்ன மற்ற மூன்றும் உண்மைதான் என்ற நம்பிக்கையையும் அதுவே தருகிறது. ஒரு முறை தூரத்திலிருந்து பார்த்த கருவியைத் தெரியும் என்று எழுதினால், லேபில் முதல் நாளிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கணினி அறிவியல் மாணவர்கள் இந்தப் பத்தியில் தாங்களே எழுதிய ஒரே ஒரு நிரலின் இணைப்பைக் கொடுக்கலாம். வகுப்புப் பயிற்சியை அப்படியே நகலெடுத்த பத்துக் கோப்புகளைவிட, நன்றாக விளக்கம் எழுதிய ஒன்று மேல். கணிதம், கோட்பாட்டு இயற்பியல் என்றால் எந்தப் பாடநூலின் எத்தனை அத்தியாயம் கணக்குகளோடு முடித்தீர்கள் என்று எழுதுங்கள். அந்தத் துறைகளில் உங்கள் தயாரிப்பை அளக்க அவர்களிடம் வேறு கோல் இல்லை.

மார்க்கை மெயிலில் எழுதலாமா? நன்றாக இருந்தால் மூன்றாம் பத்தியில் ஒரு வரி போதும். சுமாராக இருந்தால் சி.வி.யில் மட்டும், உள்ளபடி இருக்கட்டும். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம். மதிப்பெண் பட்டியல் கேட்டதும் எப்படியும் தெரிந்துவிடும். மறைத்தது தெரிந்தால் அரியரைவிட அதுதான் உங்களைத் தள்ளும். உதவித்தொகை உண்டா, விடுதி கிடைக்குமா என்ற கேள்விகளை முதல் மெயிலில் எழுப்ப வேண்டாம். அவர் சம்மதித்த பிறகு வரும் இரண்டாம் மெயிலில் தயங்காமல் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான்.

அனுப்புவதற்கு முன்

சி.வி. ஒரு பக்கம், பிடிஎஃப். கோப்புக்கு `resume final 2 new.pdf` என்று பெயர் வைத்தால் அவருடைய டவுன்லோட் ஃபோல்டரில் அது யாருடையது என்று தெரியாது. `YourName_CV.pdf` என்ற வடிவில் உங்கள் பெயரோடு வையுங்கள். டிரைவ் இணைப்பாகக் கொடுத்தால், திறக்க அனுமதி கேட்கும் பக்கத்தில் அவர் நின்றுவிடுவார். அனுமதி கேட்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள். புகைப்படம், அப்பா பெயர், சாதி, மதம், பிறந்த தேதி எதுவும் சி.வி.யில் தேவையில்லை.

மெயிலை வேறு இடத்தில் எழுதி ஒட்டினால் ஒரு சிக்கல் உண்டு. பேராசிரியர் பெயரையும் பேப்பர் தலைப்பையும் இணையதளத்திலிருந்து நகலெடுக்கும்போது அந்த எழுத்தின் அளவும் நிறமும் பின்னணியும் கூடவே வந்துவிடும். உங்கள் திரையில் கண்ணில் படாது. அவர் திரையில் பெயர் மட்டும் சாம்பல் பின்னணியில், வேறு எழுத்துருவில் துருத்திக்கொண்டு நிற்கும். பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பிய மெயில் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும், நீங்கள் உண்மையில் அப்படிச் செய்யாதபோதும். ஒட்டும்போது `Ctrl+Shift+V` அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும்.

கல்லூரி மெயில் முகவரி இருந்தால் அதிலிருந்து அனுப்புங்கள். இல்லையென்றால் பெயரில் ஒரு முகவரி தொடங்குங்கள். பள்ளியில் படிக்கும்போது விளையாட்டாகத் தொடங்கிய முகவரி வேண்டாம். அனுப்புநர் பெயராக என்ன தெரிகிறது என்பதை நண்பர் ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். பலருக்கு அங்கே அண்ணன் பெயரோ, கைபேசிக் கடைக்காரர் போட்டுக்கொடுத்த பெயரோ இருக்கும். பத்துப் பேராசிரியர்களை `Bcc`-யில் போட்டு ஒரே மெயிலை அனுப்பக் கூடாது. பெறுநர் இடத்தில் தன் பெயர் இல்லாததைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

பதில் வராதபோது

பத்து, பன்னிரண்டு நாள் பொறுங்கள். செமஸ்டர் தேர்வு விடைத்தாள் திருத்தும் வாரங்களில் யாரும் மெயில் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு அதே மெயிலுக்கு நீங்களே பதில் போடுவதுபோல மூன்று வரி எழுதலாம். புது மெயிலாக எழுதினால் அவர் பழையதைத் தேட வேண்டியிருக்கும்.

> டியர் புரொஃபசர் மீனாட்சி, டிசம்பர் 8 அன்று கோடை இன்டர்ன்ஷிப் பற்றிக் கீழே உள்ள மெயிலை அனுப்பியிருந்தேன். இதற்கிடையில் எங்கள் ஊர்க் கிணறுகளில் இன்னும் இரண்டின் காரத்தன்மையை அளந்து சி.வி.யில் சேர்த்திருக்கிறேன். இடம் இல்லையென்றாலும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இரண்டாம் வரியில் புதிதாக ஏதாவது இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்த வரியே வேண்டாம். இதற்கும் பதில் இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எண் தேடி எழுதுவது, அலுவலகத் தொலைபேசியில் அழைப்பது, முகநூலில் நட்பு அழைப்பு அனுப்புவது எல்லாம் கதவைச் சாத்திவிடும்.

பதில் வந்தால்

'போர்ட்டல் வழியாக விண்ணப்பி' என்று வந்தால் அது மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படிவத்தில் விருப்பமான ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டு, போட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். 'என் மாணவரிடம் பேசு' என்று வந்தால், அதுதான் உண்மையான நேர்காணல். அந்த பிஎச்.டி. மாணவர்தான் எட்டு வாரமும் உங்களோடு இருக்கப்போகிறவர். பேப்பரில் அவர் பெயர் முதலில் இருந்தால், அந்தப் பேப்பரை இன்னொரு முறை படித்துவிட்டுப் பேசுங்கள். வயதில் சில ஆண்டுதானே மூத்தவர் என்று 'ப்ரோ' போட்டுவிட வேண்டாம்.

'இடம் இல்லை' என்று வந்தால் நன்றி சொல்லி ஒரே வரியில் முடியுங்கள். 'வேறு யாரையாவது பரிந்துரைக்க முடியுமா' என்று கேட்பது சரிதான், ஒருமுறை மட்டும்.

இரண்டு இடங்களில் சம்மதம் வந்தால் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஏப்ரல் வரை யோசிக்கக் கூடாது. இரண்டு நாளில் ஒன்றை முடிவு செய்து, மற்றவருக்கு அன்றே தெரிவித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் வராமல் நின்றுவிட்ட மாணவரை அந்த லேப் மறக்காது. அடுத்த வருடம் அதே கல்லூரியிலிருந்து எழுதும் ஜூனியருக்கு அது போய்ச் சேரும்.

சம்மதம் வந்தவுடன் தேதி, வழிகாட்டும் ஆய்வு மாணவர், உதவித்தொகை, தங்குமிடம் ஆகியவற்றை ஒரே மெயிலில் எண்ணிட்டுக் கேளுங்கள். பேராசிரியரின் 'சரி, வா' என்ற மெயிலைக் காட்டி வளாகத்துக்குள் நுழைய முடியாது. நிறுவனத்தின் அலுவலகம் தனியாக ஒரு கடிதம் தர வேண்டும். அதற்கு உங்கள் கல்லூரியின் என்ஓசியும் போனஃபைட் சான்றிதழும் பெரும்பாலும் கேட்பார்கள். துறைத் தலைவர், முதல்வர் என்று இரண்டு கையெழுத்து வாங்கக் கல்லூரியில் ஒரு வாரம்கூட ஆகலாம். தேர்வு நேரத்தில் முதல்வர் அறையில் கிடைக்கமாட்டார். அதனால் மார்ச்சிலேயே வாங்கி, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் விடுதியில் அறை வேண்டுமென்றால் அதற்கும் தனிப் படிவம் இருக்கும். கோடையில் அறைகள் குறைவு. கடிதம் கைக்கு வந்த அன்றே அதையும் அனுப்பிவிடுங்கள்.